1240, 13.6: இரண்டு எண்களுக்குள் அடங்கும் கணக்குகள்

பிளஸ் டூ இயற்பியலில் ஒளிமின் விளைவும் அணு அமைப்பும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றில் கேட்கப்படும் கணக்குகளுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் அவ்வளவு கடினமானதல்ல. ஒரு வகுத்தல், ஒரு கழித்தல், எப்போதாவது ஒரு வர்க்கமூலம். பெரும்பாலானவை அதற்கு மேல் போவதில்லை. மதிப்பெண் போவது வேறு இடத்தில். 10⁻³⁴ஐயும் 10⁸ஐயும் பெருக்கி, நானோமீட்டரை மீட்டராக்கி, கிடைத்த ஜூலை எலக்ட்ரான் வோல்ட்டாக மாற்றும் நீண்ட வழியில் எங்கோ ஓர் அடுக்கு நழுவிவிடுகிறது. நீட் தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. பொதுத்தேர்வில் மடக்கை அட்டவணைதான் துணை. ஆகவே மாறிலிகளை முதலிலேயே பெருக்கி வகுத்து ஓரிடத்தில் வைத்துக்கொள்வது பாதி வேலையைக் குறைத்துவிடும்.

இந்த இரண்டு பாடங்களுக்கும் தேவையான மாறிலிகளும் அலகு மாற்றங்களும் இவ்வளவுதான்:

```
h   = 6.626 × 10⁻³⁴ J s = 4.136 × 10⁻¹⁵ eV s
c   = 2.998 × 10⁸ m/s
e   = 1.602 × 10⁻¹⁹ C
mₑ  = 9.109 × 10⁻³¹ kg
R   = 1.097 × 10⁷ m⁻¹
a₀  = 0.0529 nm

hc  = 1240 eV nm = 12400 eV Å
Rhc = 13.6 eV

1 eV = 1.602 × 10⁻¹⁹ J
1 nm = 10 Å = 10⁻⁹ m
1 eV (ஓர் அணுவுக்கு) = 96.5 kJ/mol
```

முதல் ஆறும் இயற்கையின் மாறிலிகள். அவற்றில் h, c, e ஆகிய மூன்றும் இப்போது அளந்து பெறப்படுபவை அல்ல. ஒளியின் வேகம் 1983இலேயே நிலையான எண்ணாக வரையறுக்கப்பட்டுவிட்டது. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் அப்படியே ஆகிவிட்டன. நடுவில் உள்ள இரண்டு வரிகள் புதியவை அல்ல. மேலே உள்ளவற்றைப் பெருக்கினால் வருபவை. ஆனால் கணக்குப் போடுபவருக்கு உண்மையில் பயன்படுவது அந்த இரண்டும்தான்.

1240 எப்படி வருகிறது என்பதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு அது மறக்காது. ஒரு ஃபோட்டானின் ஆற்றல் E = hc/λ. hஐயும் cஐயும் பெருக்கினால் 1.986 × 10⁻²⁵ ஜூல் மீட்டர். இதை 1.602 × 10⁻¹⁹ஆல் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு வந்துவிடும்: 1.240 × 10⁻⁶ eV m. மீட்டருக்குப் பதிலாக நானோமீட்டரில் எழுத 10⁹ஆல் பெருக்கினால் 1240 eV nm. இதன் பிறகு அலைநீளம் நானோமீட்டரில் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். 1240ஐ அதால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 620 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு 2 eV, 400 நானோமீட்டர் ஊதா ஒளிக்கு 3.1 eV. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் ஏறத்தாழ 1.8க்கும் 3.1க்கும் இடையில்தான் இருக்கிறது. விடை சரியா என்று பார்க்க இந்த எல்லையே போதும். பச்சை ஒளிக்கு 24 eV என்று விடை வந்தால், ஆங்ஸ்ட்ரமும் நானோமீட்டரும் இடம் மாறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதே ஒளிமின் விளைவு. 1887இல் ஹெர்ட்ஸ் இதை முதலில் கவனித்தார். வெளியேறும் எலக்ட்ரானின் அதிகபட்ச ஆற்றல் ஒளியின் செறிவைப் பொறுத்ததல்ல என்று 1902இல் லெனார்டு காட்டினார். 1905இல் ஐன்ஸ்டைன் கொடுத்த விளக்கம் ஒரே ஒரு கழித்தல். ஒரு ஃபோட்டான் தன் முழு ஆற்றலையும் ஒரே எலக்ட்ரானுக்குக் கொடுக்கிறது; உலோகத்தை விட்டு வெளியேற அந்த எலக்ட்ரான் குறைந்தது வெளியேற்று ஆற்றல் φ அளவுக்காவது செலவழிக்க வேண்டும்; மிஞ்சுவது இயக்க ஆற்றல்.

```
K(பெருமம்) = hν − φ = eV₀
```

இதில் V₀ என்பது நிறுத்து மின்னழுத்தம். எதிர்த்திசையில் கொடுக்கப்படும் எத்தனை வோல்ட்டில் ஒளிமின்னோட்டம் நின்றுபோகிறதோ அதுதான் V₀. எலக்ட்ரான் வோல்ட் அலகின் முழுப் பயனும் இங்கேதான் தெரியும். அதிகபட்ச இயக்க ஆற்றல் 0.96 eV என்றால் நிறுத்து மின்னழுத்தம் 0.96 வோல்ட். இடையில் வேறு கணக்கே இல்லை. இதைக் கவனிக்காமல் 0.96ஐ மறுபடி 1.6 × 10⁻¹⁹ஆல் பெருக்கி, விடைக்கு வோல்ட் என்று அலகு எழுதுவது விடைத்தாள்களில் வழக்கமான பிழை.

சீசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.14 eV. அதன்மேல் 500 நானோமீட்டர் ஒளி விழுந்தால் ஃபோட்டானின் ஆற்றல் 2.48 eV, மிச்சம் 0.34 eV. அலைநீளத்தைப் பாதியாக்கி 250 நானோமீட்டர் ஒளி விழட்டும். ஃபோட்டானின் ஆற்றல் இரட்டித்து 4.96 eV ஆகிறது; மிச்சமோ 2.82 eV, அதாவது முன்பு இருந்ததைப் போல் எட்டு மடங்குக்கும் மேல். ‘அலைநீளம் பாதியானால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்கு?’ என்ற ஒரு மதிப்பெண் கேள்வி இதை நம்பித்தான் கேட்கப்படுகிறது. இரட்டிப்பது hν மட்டுமே, φ மாறுவதில்லை. ஆகவே இயக்க ஆற்றல் எப்போதும் இரண்டு மடங்குக்கு மேலேதான் போகும். ஒளியின் செறிவை இரட்டித்தால் கதை வேறு. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை இரட்டிக்கும், நிறுத்து மின்னழுத்தம் அசையாது.

வெளியேற்று ஆற்றலே கொடுக்காமல் இரண்டு அலைநீளங்களையும் இரண்டு நிறுத்து மின்னழுத்தங்களையும் கொடுத்து hஐக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கு இன்னொரு வகை. 400 நானோமீட்டருக்கு 0.96 V, 500 நானோமீட்டருக்கு 0.34 V என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சமன்பாடுகளையும் கழித்தால் φ தானாகவே விழுந்துவிடும். மின்னழுத்த வேறுபாடு 0.62 V. அதிர்வெண்கள் 7.5 × 10¹⁴, 6.0 × 10¹⁴ ஹெர்ட்ஸ், வேறுபாடு 1.5 × 10¹⁴. வகுத்தால் h/e = 4.13 × 10⁻¹⁵ V s. இதை eஆல் பெருக்கினால் h. மில்லிகன் 1916இல் வெளியிட்ட புகழ்பெற்ற அளவீடும் அடிப்படையில் இதுவேதான்: அதிர்வெண்ணுக்கு எதிராக நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்து, கோட்டின் சாய்வை அளப்பது. ஒளி துகள்களாக வருகிறது என்ற கருத்தை அவர் அப்போது ஏற்கவில்லை. ஆனாலும் அவருடைய கோடு ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே உறுதிசெய்தது. உலோகம் மாறினால் கோடு பக்கவாட்டில் நகரும், சாய்வு மாறாது. வரைபடக் கேள்விகளில் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

அணு அமைப்புக் கணக்குகளில் 1240 செய்யும் வேலையை 13.6 செய்கிறது. 1913இல் போர் தந்த மாதிரியின்படி, ஹைட்ரஜன் அணுவில் n என்ற சுற்றுப்பாதையில் உள்ள எலக்ட்ரானின் ஆற்றல் −13.6/n² eV. மைனஸ் குறி, எலக்ட்ரான் அணுவோடு கட்டுண்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதை விடுவிக்க அவ்வளவு ஆற்றல் வெளியிலிருந்து தர வேண்டும். முதல் நான்கு நிலைகள் −13.6, −3.40, −1.51, −0.85. இந்த நான்கு எண்களும் மனத்தில் இருந்தால் லைமன், பாமர், பாஷன் தொடர்களின் ஆரம்ப வரிகளுக்கு ரிட்பெர்க் வாய்பாட்டை எழுதவே வேண்டாம். மேல்நிலையிலிருந்து கீழ்நிலையைக் கழித்து, 1240ஐ அந்த விடையால் வகுத்தால் அலைநீளம் வந்துவிடும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 1.89 eV, அதாவது 656 நானோமீட்டர்: ஹைட்ரஜன் மின்னிறக்கக் குழாயில் தெரியும் சிவப்பு வரி. நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 2.55 eV, 486 நானோமீட்டர்: நீலப்பச்சை வரி. ரிட்பெர்க் வாய்பாடும் இதே செய்தியைத்தான் அலைநீளத்தின் தலைகீழியாகச் சொல்கிறது; Rஐ hcஆல் பெருக்கினால் கிடைப்பது அதே 13.6.

சுற்றுப்பாதையின் ஆரம் 0.0529 n² நானோமீட்டர். இதில் குழப்பத்துக்கு இடமில்லை. ஆற்றல் n²ஆல் வகுக்கப்படும், ஆரம் n²ஆல் பெருக்கப்படும் என்பதை மட்டும் மாற்றி எழுதாமல் இருக்க வேண்டும்.

இரண்டு பாடங்களையும் இணைக்கும் கணக்கு ஒன்றை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். அடிநிலையில் உள்ள ஹைட்ரஜன் வாயுவின் மீது, 12.8 வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றை மோதுகிறது. வாயு உமிழும் ஒளி சீசியத் தகட்டில் விழுகிறது. எத்தனை நிறமாலை வரிகள் தோன்றும்? அவற்றில் எவை தகட்டிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றும்? நிறுத்து மின்னழுத்தம் எவ்வளவு?

12.8 வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் ஆற்றல் 12.8 eV. அடிநிலையிலிருந்து நான்காம் நிலைக்குப் போக 13.6 − 0.85 = 12.75 eV வேண்டும். ஐந்தாம் நிலைக்கு 13.06 eV வேண்டும். அது கைக்கு எட்டாது. ஆகவே அணுக்கள் அதிகபட்சம் n = 4 வரை கிளர்ச்சியடையும். அங்கிருந்து இறங்கும் வழிகள் ஆறு: 4→1, 3→1, 2→1, 4→2, 3→2, 4→3. இவற்றின் ஆற்றல்கள் முறையே 12.75, 12.09, 10.2, 2.55, 1.89, 0.66 eV.

சீசியத்துக்கு 2.14 eV தேவை. முதல் நான்கு வரிகளும் அதைத் தாண்டுகின்றன. சிவப்பு வரியும் அகச்சிவப்பு வரியும் தாண்டவில்லை. சிவப்பு வரியை எவ்வளவு பிரகாசமாக்கினாலும் ஓர் எலக்ட்ரான்கூட வராது. நிறுத்து மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது கூட்டத்திலேயே அதிக ஆற்றலுடைய ஃபோட்டான்தான். ஆறு வரிகளின் ஆற்றலையும் கூட்டிச் சராசரி எடுப்பது பொருளற்றது. 12.75 − 2.14 = 10.61, விடை 10.61 வோல்ட்.

இந்தக் கணக்கை ஒரு வார்த்தையில் மாற்றிவிட முடியும். மின்னிறக்கக் குழாய்க்கும் தகட்டுக்கும் இடையில் சாதாரணக் கண்ணாடித் தகடு ஒன்று வைக்கப்படுகிறது என்று கேள்வி சொன்னால், புற ஊதாப் பகுதியில் உள்ள மூன்று வரிகளும் கண்ணாடியிலேயே நின்றுவிடும். அவற்றின் அலைநீளங்கள் 97, 103, 122 நானோமீட்டர். சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை விடுவதில்லை. இப்போது வேலை செய்வது நீலப்பச்சை வரி மட்டும். நிறுத்து மின்னழுத்தம் 10.61இலிருந்து 2.55 − 2.14 = 0.41 வோல்ட்டுக்கு விழுந்துவிடுகிறது.

அந்த எலக்ட்ரானின் வேகத்தைக் கேட்டால்தான் ஜூலுக்குப் போக வேண்டும். ½mv² = 0.41 × 1.602 × 10⁻¹⁹ = 6.57 × 10⁻²⁰ ஜூல். இரண்டால் பெருக்கி எலக்ட்ரானின் நிறையால் வகுத்தால் 1.44 × 10¹¹, வர்க்கமூலம் 3.8 × 10⁵ m/s. இந்த மாற்றத்தையும் ஒரேமுறை செய்து வைத்துக்கொள்ளலாம்: v = 5.93 × 10⁵ × √K, K எலக்ட்ரான் வோல்ட்டில். √0.41 = 0.64, பெருக்கினால் அதே 3.8 × 10⁵. வர்க்கமூலம் எடுக்கும்போது பத்தின் அடுக்கு ஒற்றைப்படையாக இருந்தால் அதை முதலில் இரட்டைப்படையாக்க வேண்டும் (1.44 × 10¹¹ = 14.4 × 10¹⁰). அதைச் செய்யாமல் 1.2 × 10⁵ என்று எழுதிவிட்டால், சரியாகப் போட்ட கணக்கு கடைசி வரியில் பாழாகும்.

இதே கேள்வியில் எலக்ட்ரான் கற்றைக்குப் பதிலாக 12.8 eV ஃபோட்டான்கள் என்று இருந்தால் விடை தலைகீழாகிவிடும்: ஒரு வரியும் தோன்றாது. மோதும் எலக்ட்ரான் தன் ஆற்றலில் 12.75ஐ மட்டும் அணுவுக்குக் கொடுத்துவிட்டு மீதி 0.05 eVயோடு நகர்ந்துவிடும். ஃபோட்டானுக்கு அந்த வசதி இல்லை. அதை அணு முழுதாக விழுங்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். 12.8 eV எந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டோடும் பொருந்தவில்லை, ஆகவே வாயு அதை உட்கவராது. 13.6 eVக்கு மேலே போய்விட்டால் மட்டும் ஃபோட்டானுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை; எலக்ட்ரான் அணுவை விட்டு விடுபட்டு, மிச்சத்தை இயக்க ஆற்றலாக எடுத்துக்கொண்டு போகும். கேள்வித்தாளில் ‘எலக்ட்ரான்’ என்றிருக்கிறதா ‘ஃபோட்டான்’ என்றிருக்கிறதா என்று அடிக்கோடிடுவது வீண் வேலையல்ல.

மாறிலிகளை எத்தனை இலக்கம் வரை எடுப்பது என்ற கேள்விக்கும் இந்த 0.41 ஒரு நல்ல பாடம். h = 6.6 × 10⁻³⁴, c = 3 × 10⁸, e = 1.6 × 10⁻¹⁹ என்று எடுத்தால் hc 1237.5 வரும், hஐ 6.63 என்று எடுத்தால் 1243 வரும். இரண்டுக்கும் வேறுபாடு அரை சதவீதத்துக்கும் குறைவு. 486 நானோமீட்டருக்கு ஃபோட்டானின் ஆற்றல் முதலாவதில் 2.546, இரண்டாவதில் 2.558. ஆனால் 2.14ஐக் கழித்த பிறகு 0.406, 0.418, வேறுபாடு மூன்று சதவீதமாகிவிட்டது. ஏறத்தாழ சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது சிறு பிழையும் பெருகும். கழிப்பதற்கு முன்பே 2.55ஐ 2.6 என்றும் 2.14ஐ 2.1 என்றும் தோராயமாக்கினால் விடை 0.5 ஆகிவிடும், அது கால்வாசிக்கு நெருக்கமான பிழை. ஆகவே தோராயமாக்குவதைக் கழித்தலுக்குப் பிறகுதான் செய்ய வேண்டும். கேள்வித்தாளிலேயே மாறிலிகள் கொடுக்கப்பட்டிருந்தால், மனப்பாட எண்ணை ஒதுக்கிவிட்டு அவற்றையே பயன்படுத்த வேண்டும். கொள்குறி விடைகள் அந்த எண்களை வைத்துத்தான் தயாரிக்கப்படுகின்றன. வெளியேற்று ஆற்றலுக்கும் இது பொருந்தும். சோடியத்துக்கு ஒரு புத்தகம் 2.75 eV என்கிறது, வேறொன்று 2.3 eVஐ ஒட்டிய மதிப்பைத் தருகிறது. உலோகப் பரப்பு எவ்வளவு தூய்மையானது என்பதைப் பொறுத்தும் இந்த எண் மாறும்.

வேதியியல் தாளில் இதே 13.6 வேறு உடையில் வரும். ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல் 1312 kJ/mol என்பது ஓர் அணுவுக்கு 13.6 eV என்பதன் மோல் வடிவம்தான்: 13.6 × 96.5 = 1312. 96.5 என்ற எண், 1 eVஐ அவகாட்ரோ எண்ணால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது. ஃபாரடே மாறிலியான 96,500ஐ அறிந்தவருக்கு இது புதிதல்ல. ரிட்பெர்க் மாறிலி அங்கே பெரும்பாலும் 109,677 cm⁻¹ என்று சென்டிமீட்டரில் தரப்படும். இதை மீட்டருக்கு மாற்ற நூறால் பெருக்க வேண்டும். நீள அலகுகளுக்குச் செய்வதுபோல நூறால் வகுத்துவிட்டால் அலைநீளம் பத்தாயிரம் மடங்கு பிழையாகும். பாமர் வரி ஒன்றுக்கு 656 நானோமீட்டருக்குப் பதிலாகக் கிட்டத்தட்ட 6.6 மில்லிமீட்டர் என்று விடை வந்தால் காரணம் இதுவே.

ஹைட்ரஜனைத் தாண்டிப் போகும்போது 13.6ஐ Z²ஆல் பெருக்க வேண்டும். ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம் அயனிக்கு Z = 2, ஆகவே 54.4 eV, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த லித்தியம் அயனிக்கு 122.4 eV. ஹீலியம் அயனியில் 4→2 மாற்றத்தின் ஆற்றல் 54.4 × (1/4 − 1/16) = 10.2 eV, இது ஹைட்ரஜனின் 2→1 வரிக்குச் சமம். Z இரட்டித்ததை n இரட்டித்துச் சரிகட்டிவிடுகிறது. ‘ஹைட்ரஜனின் எந்த வரியோடு பொருந்தும்?’ என்ற கேள்விகளுக்கு n மதிப்புகளை Zஆல் வகுத்தாலே விடை வந்துவிடும்.

இந்தப் பெருக்கல் ஒரே ஒரு எலக்ட்ரான் உள்ள அணுவுக்கும் அயனிக்கும் மட்டுமே செல்லும். நடுநிலை ஹீலியத்திலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்கத் தேவைப்படுவது 54.4 eV அல்ல, 24.6 eV, அங்கே இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்குகின்றன, போர் மாதிரியில் அந்த விலக்கத்துக்கு இடமே இல்லை. ‘ஹீலியம் அணுவின் இரு எலக்ட்ரான்களையும் நீக்கத் தேவையான மொத்த ஆற்றல்’ என்று கேட்கும் கணக்கில் 24.6 கொடுக்கப்பட்டிருக்கும், இரண்டாவது எலக்ட்ரானுக்குரிய 54.4ஐ மாணவரே கணக்கிட்டு அதனோடு கூட்ட வேண்டும், விடை 79 eV.